நண்பன் நெட்வொர்க்கில் சேரச் சொன்னால்

"நெருங்கின கூட்டாளி ஒருத்தன் நெட்வொர்க் பிசினஸில் சேரச் சொல்லி விடாமல் கேட்கிறான். மனம் நோகாமல் எப்படி மறுப்பது?"

காசில்லை, நேரமில்லை, யோசித்துச் சொல்கிறேன். இந்த மூன்றை மட்டும் சொல்லாதீர்கள். மூன்றுக்கும் பதில் சொல்லிக்கொடுத்துத்தான் அவரை அனுப்பியிருப்பார்கள். காசில்லை என்றால் நகையை அடகு வைக்கலாம் என்பார். நேரமில்லை என்றால் பின்னேரம் ஒரு மணித்தியாலம் போதும் என்பார். யோசிக்கிறேன் என்றால் தனக்கு மேலே இருப்பவரையே வீட்டுக்குக் கூட்டிவந்து விடுவார்.

உப்புவெளியில் எங்கள் வீட்டு விறாந்தையில் இருந்துகொண்டு என் பள்ளித்தோழன் மகளின் கொப்பியில் வட்டம் வட்டமாகக் கீறினான். உச்சியில் நான், கீழே இடப்பக்கம் ஒருவர், வலப்பக்கம் ஒருவர், அவர்களுக்குக் கீழே நான்கு பேர். சேருவதற்கு 60,000 ரூபாய். இரண்டு பக்கமும் ஆள் நிரம்பினால்தான் கமிஷன். நான் பேனையை வாங்கி அந்தக் கணக்கையே கீழே நீட்டினேன். எனக்குக் கீழே பத்தாவது வரியில் 1,024 பேர். அதற்கு மேலே என்னையும் சேர்த்து 1,023 பேர். எந்த வரியில் நின்றாலும் இதே கதைதான், கடைசி வரிதான் பெரிது. அந்த வரியில் ஒருவருக்கும் சதம் வந்திராது.

"அந்தக் கடைசி வரியில ஆர் நிக்கப்போகினம்? உன்ர மச்சாளும் என்ர தம்பியும்தானே" என்றேன். அவன் பேசவில்லை. "மச்சான், நான் இதில சேரமாட்டன், ஆளும் பிடிச்சுத் தரமாட்டன். ஆனா ஞாயிற்றுக்கிழமை நீ வழமைபோல சாப்பிட வரவேணும்" என்றேன். வந்தான்.

'இடம் பிடித்து வைக்க மட்டும்' என்று அடையாள அட்டைப் படம் கேட்டால் அனுப்பாதீர்கள். உங்கள் பெயரை ஒரு பக்கத்தில் போட்டுவிட்டு, அதைக் காட்டியே அடுத்தவரைச் சேர்ப்பார்கள்.

நேரடி விற்பனை எல்லாமே களவா என்று சிலர் சண்டைக்கு வருவீர்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. வெளியாளுக்குப் பொருள் விற்று வரும் இலாபம் வேறு, புதிதாகச் சேருபவரின் காசில் வரும் கமிஷன் வேறு. இரண்டாவதை இலங்கையில் வங்கித்தொழில் சட்டத்தின் 83சி பிரிவு தடைசெய்கிறது. கம்பனிப் பதிவுச் சான்றிதழைக் காட்டுவார்கள். அது கம்பனி பதிந்ததற்குத்தான் சாட்சி, இந்தத் திட்டத்துக்கான அனுமதி அல்ல. தடைசெய்யப்பட்ட திட்டங்களின் பட்டியலை மத்திய வங்கி வெளியிடுகிறது. ஆனால் பட்டியலில் பெயர் இல்லை என்பதற்காக நம்பிவிடவும் வேண்டாம்.

எனக்குக் கோபம் வேறொன்றில். என் தோழன் பேராசைக்காரன் இல்லை. மீன் ஏற்ற ஒரு சின்ன வாகனம் எடுக்க வங்கிக்கடன் கேட்டுப் போனவன். அரச உத்தியோகத்தர் இரண்டு பேரைப் பிணைக்குக் கூட்டிவா என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். கடலோடு பிழைக்கிற குடும்பம், அரச உத்தியோகத்தருக்கு எங்கே போகும்? நான் அரச வேலையில்தான் இருக்கிறேன். மறுபடி விண்ணப்பம் போடு, ஒரு கையெழுத்து என்னுடையது என்று சொல்லியிருக்கிறேன். இரண்டாவது ஆளைத்தான் இப்போது இரண்டு பேருமாகத் தேடுகிறோம்.