மேனேஜர் திறக்கும்படி மெயிலுக்குத் தலைப்பு எழுதுவது

"அவசரமான மெயிலைக்கூட என் மேனேஜர் திறப்பதில்லை. திறந்தாலும் பதில் வருவதில்லை. சப்ஜெக்ட் லைனில் என்ன எழுதினால் வேலை நடக்கும்?"

ஒரு தொழிற்சாலையின் பர்ச்சேஸ் பிரிவில் இருக்கிறேன். என் வேலையில் பாதி, மேலே இருப்பவர்களிடம் ஒப்புதல் வாங்குவதுதான். நான் பார்த்தவரை மேனேஜர்கள் மெயிலைப் படிப்பதைவிட வடிகட்டுவதுதான் அதிகம். ஒரு மீட்டிங் முடிந்து அடுத்ததற்கு நடக்கும்போது போனில் விரலால் தள்ளிக்கொண்டே போவார்கள். "இதில் நான் என்ன செய்ய வேண்டும், எப்போதுக்குள்?" என்பது தலைப்பிலேயே தெரிந்தால் நிற்பார்கள். தெரியாவிட்டால் "அப்புறம் பார்க்கலாம்".

ஒரு உதாரணம் எடுத்துக்கொள்வோம். ஏர் கம்ப்ரசர் பழுது. இரண்டு கொட்டேஷன் வந்திருக்கிறது. ஒருவர் ரூ.48,500 கேட்கிறார், மூன்று நாளில் முடித்துத் தருவார். இன்னொருவர் ரூ.41,000, ஆனால் பத்து நாள் ஆகும். முதல் விலை வியாழன் மாலை வரைதான் செல்லும். பெரும்பாலானவர்கள் இதற்கு வைக்கும் தலைப்பு:

```
கம்ப்ரசர் பழுது தொடர்பாக
```

இது தகவலா, புகாரா, பணம் கேட்பதா? திறந்தால்தான் தெரியும். சிலர் முன்னால் "மிக அவசரம்" என்று சேர்ப்பார்கள். வாரம் நான்கு முறை அதைப் பார்த்தவருக்கு அந்தச் சொல் கண்ணிலேயே படாது. அவுட்லுக்கில் வைக்கும் சிவப்பு ஆச்சரியக்குறிக்கும் அதே கதிதான். நான் இப்படி எழுதுவேன்:

```
ஒப்புதல் தேவை, வியாழன் 16 மாலை 4-க்குள்: கம்ப்ரசர் பழுது ரூ.48,500
```

வரிசையைக் கவனியுங்கள். போனில் தலைப்பின் முன்பகுதி மட்டும்தான் தெரியும், மிச்சம் புள்ளி புள்ளியாக வெட்டுப்படும். அதனால் அவர் செய்ய வேண்டிய வேலை முதலில், கெடு அடுத்து, விவரம் கடைசியில். கெடுவை "நாளைக்குள்" என்று எழுதவே கூடாது. நீங்கள் புதன்கிழமை அனுப்பியதை அவர் வியாழன் காலையில் பார்த்தால் அவருக்கு நாளை என்பது வெள்ளி. கிழமையும் தேதியும் சேர்ந்தே இருக்கட்டும்.

அனுப்பும் முன் நான் ஒன்றைச் சரிபார்ப்பேன். அவர் மெயிலுக்குள் போகாமலே "ஓகே" என்று மட்டும் பதில் போட்டால், எதற்கு ஓகே என்று சந்தேகமின்றித் தெரியுமா? "இரண்டு கொட்டேஷன், எது?" என்று கேட்டிருந்தால் அந்த ஓகே எதற்கும் உதவாது. அதனால் நான் எதைப் பரிந்துரைக்கிறேனோ அதன் தொகையைத் தலைப்பில் வைத்துவிடுவேன். ஏன் ரூ.7,500 அதிகம் கொடுக்கலாம், இன்னொன்று என்ன விலை என்பதெல்லாம் மெயிலின் முதல் இரண்டு வரியில் வந்துவிடும். ஆறு மாதம் கழித்து அக்கவுண்ட்ஸ் பிரிவு "யார் அனுமதித்தது?" என்று கேட்கும்போது இந்தத் தலைப்பும் அந்த ஓகேவும் சேர்ந்தே கிடைக்கும்.

ஒரே மெயிலில் கம்ப்ரசர், இரண்டு பேர் லீவு, ஆடிட் தேதி என்று மூன்றைக் கேட்காதீர்கள். எளிதான ஒன்றுக்கு மட்டும் பதில் வரும், மற்றவை அப்படியே கிடக்கும். ஒரு முடிவுக்கு ஒரு மெயில்.

எங்கள் ஆபீஸில் அடிக்கடி நடக்கும் கோளாறு வேறொன்று. பழைய மெயிலுக்கே "Re:" போட்டுக்கொண்டு போவது. "மே மாத பராமரிப்பு அட்டவணை" என்ற தலைப்பின் கீழ் ஒன்பதாவது பதிலில் போய்ப் பணம் கேட்டால் யாருக்குத் தெரியும்? கேட்கும் விஷயம் மாறினால் தலைப்பையும் மாற்றுங்கள். ஜிமெயிலில் பதில் எழுதும் பெட்டியில் பெறுநர் பெயருக்குப் பக்கத்தில் உள்ள அம்புக்குறியைத் தட்டினால் Edit subject என்று வரும். தலைப்பு மாறியதும் அது தனி உரையாடலாகப் பிரிந்துவிடும். ஆகவே அவருக்குத் தேவையான பழைய தகவலைக் கீழே ஓரிரு வரியில் திரும்ப எழுதிவிடுங்கள்.

தகவலுக்கு மட்டும் அனுப்புவதை "தகவலுக்கு:" என்று தொடங்கிவிடுங்கள். அவர் அதைத் திறக்காவிட்டாலும் குற்றமில்லை. "ஒப்புதல் தேவை" என்று வருவதை அவர் நம்புவதற்கு இந்தப் பிரிப்புதான் காரணம். ஒப்புதலே தேவைப்படாத மெயிலில் அதைப் போட்டுவிட்டால் அந்த நம்பிக்கை போய்விடும்.

சம்பளம், ஒருவருடைய உடல்நிலை, ஒழுங்கு நடவடிக்கை போன்றவற்றில் மட்டும் இவ்வளவு வெளிப்படையாக எழுத வேண்டாம். பூட்டிய போன் திரையிலும், மீட்டிங் அறையின் ப்ரொஜெக்டரிலும் தலைப்பு அப்படியே தெரியும். "முடிவு தேவை, வெள்ளி 17-க்குள்: பணியாளர் விஷயம், தனியாகப் படிக்கவும்" என்ற அளவில் நிறுத்திக்கொள்ளலாம்.

இவ்வளவுக்குப் பிறகும் கெடு நாள் காலை வரை பதில் இல்லையென்றால் இன்னொரு மெயில் எழுத மாட்டேன். போன் போட்டு, "சார், கம்ப்ரசர் 48,500, இன்று நாலு மணிக்குள் உங்கள் ஓகே வேண்டும், மெயில் மேலேயே இருக்கிறது" என்பேன். ஓகேவை மட்டும் மெயிலிலேயே வாங்கிக்கொள்வேன்.