83-ஆ 173-ஆ? கேஸ்-கன்ட்ரோல் ஸ்டடிக்கு சாம்பிள் சைஸ்

கேள்வி: கன்ட்ரோல்ஸ்ல எக்ஸ்போஷர் 20%, ஆட்ஸ் ரேஷியோ 2, பவர் 80%, இதை வெச்சு கையால கணக்கு போட்டா ஒரு குரூப்புக்கு 83 பேர்னு வருது, OpenEpi-ல போட்டா 173 காட்டுது. எது சரி? கைடு கேக்குறார். எனக்கு எப்படியும் 100 கேஸ் சுமார்தான் கிடைக்கும்.

பதில்: 173தான் சரி. 83 எங்கேர்ந்து வந்துச்சுன்னு பார்த்த உடனே தெரியுது, கன்ட்ரோல்ஸ்ல 20%னா கேஸ்ல அதோட டபுள் 40%னு எடுத்திருக்கீங்க. ரொம்ப பேர் இப்படித்தான் போடுறாங்க, ஆனா ஆட்ஸ் ரேஷியோ 2னா சதவீதம் ரெண்டு மடங்காகுதுன்னு அர்த்தம் இல்ல, ஆட்ஸ்தான் ரெண்டு மடங்காகுது.

100 கன்ட்ரோல்ல 20 பேருக்கு எக்ஸ்போஷர் இருக்கு, 80 பேருக்கு இல்ல, அப்போ ஆட்ஸ் 20/80, அதாவது 0.25. அதை டபுள் பண்ணா 0.5. ஆட்ஸ் 0.5னா எக்ஸ்போஷர் இருக்குறவர் ஒருத்தருக்கு இல்லாதவர் ரெண்டு பேர், மூணு பேர்ல ஒருத்தர், ஆக கேஸ்ல 33.3%. ஃபார்முலாவும் இதைத்தான் சொல்லுது:

```
p1 = OR*p0 / (1 + p0*(OR-1))
   = 2*0.20 / (1 + 0.20*1) = 0.333
```

இப்போ 20%க்கும் 33.3%க்கும் உள்ள வித்தியாசத்தை கண்டுபிடிக்க எத்தனை பேர் வேணும்னு பார்க்கணும். r-ங்குறது ஒரு கேஸுக்கு எத்தனை கன்ட்ரோல், pbar ரெண்டு குரூப்பையும் சேர்த்த சராசரி.

```
pbar = (p1 + r*p0) / (1 + r)
n = (1.96+0.84)^2 * pbar*(1-pbar) * (r+1) / (r*(p1-p0)^2)
```

r = 1னா pbar 0.267, n 173 கேஸ், 173 கன்ட்ரோல். 40%னு எடுத்தா வித்தியாசம் 13.3க்கு பதிலா 20 புள்ளி ஆயிடுது, அது கீழ ஸ்கொயர்ல உக்காந்திருக்கிறதால n பாதிக்கும் கீழ இறங்கிடுது. 83 பேரோட போனா பவர் 80% இல்ல, கிட்டத்தட்ட 50%தான், ஆட்ஸ் ரேஷியோ நிஜமாவே 2ஆ இருந்தாலும் ரிசல்ட் சிக்னிஃபிகன்டா வர்றது பூவா தலையா கதைதான்.

OpenEpi-ல மூணு வேற வேற நம்பர் காட்டும், அதைப் பார்த்து பயப்படாதீங்க. Kelsey-ன்னு இருக்குறது மேல நான் போட்ட கணக்குதான், Fleiss அதையே கொஞ்சம் வேற மாதிரி போட்டு 172 தரும், கன்டின்யூட்டி கரெக்‌ஷனோட இருக்குறது 187. எதை எடுத்தீங்கன்னு ப்ரோட்டோகால்ல எழுதிட்டா போதும்.

சரி, 173 கேஸ் கிடைக்காதே. அங்கதான் கன்ட்ரோல் எண்ணிக்கை கை கொடுக்கும். ஒரு கேஸுக்கு 2 கன்ட்ரோல் எடுத்தா 123 கேஸ் போதும், 3 எடுத்தா 106, 4 எடுத்தா 97. உங்க 100க்கு ஒண்ணுக்கு நாலுதான் செட் ஆகும், ஆனா கன்ட்ரோல் மட்டும் 388 பேர் ஆகுது, அதோட சில ஃபார்ம் பாதி நிரப்பி வரும், சிலர் பாதியில விலகுவாங்க, அதுக்கு 3 கேஸ் இடைவெளி பத்தாது. நாலுக்கு மேல போறதும் வேஸ்ட், ஏன்னா கன்ட்ரோல் எத்தனை ஆயிரம் சேர்த்தாலும் இந்த கணக்குல கேஸ் 71க்கு கீழ இறங்காது. அந்த 388 பேரும் கேஸ் எந்த மக்கள்கிட்டேர்ந்து வந்தாங்களோ அதே மக்கள்கிட்டேர்ந்து வரணும், சும்மா கைக்கு கிடைச்சவங்களை வெச்சு நிரப்பினா எண்ணிக்கை சரியா இருந்தும் ஆட்ஸ் ரேஷியோ தப்பா வரும்.

இன்னொண்ணு, என் பார்வையில இதுதான் பெரிய விஷயம், அந்த 20% எங்கேர்ந்து எடுத்தீங்க? பழைய ஸ்டடியில கேஸும் கன்ட்ரோலும் சேர்த்து சொன்ன சதவீதமா இருந்தா அது கன்ட்ரோல்ஸோட சதவீதத்தை விட கூடவே இருக்கும். நிஜத்துல கன்ட்ரோல்ஸ்ல 10%தான்னு வெச்சுக்கோங்க, அதே ஆட்ஸ் ரேஷியோ 2க்கு ஒண்ணுக்கு ஒண்ணு எடுத்தா 284 வேணும், ஒண்ணுக்கு நாலு எடுத்தாலும் 151 கேஸ். உங்க 100 கேஸ் அங்க பத்தவே பத்தாது, அப்போ ஆட்ஸ் ரேஷியோ 2.5 அளவுக்கு இருந்தாத்தான் பிடிபடும்னு எழுதணும், அதுக்கு ஒண்ணுக்கு நாலுல 77 கேஸ் போதும். கைடுகிட்ட போறப்போ 20%, 10% ரெண்டுக்கும் கணக்கு போட்டு எடுத்துட்டு போங்க.

வயசு, பாலினம் பார்த்து ஜோடி ஜோடியா மேட்ச் பண்ணப் போறீங்கன்னா மேல உள்ள எதுவும் அப்படியே பொருந்தாது, அங்க ஒரே ஜோடியில ஒருத்தருக்கு எக்ஸ்போஷர் இருந்து இன்னொருத்தருக்கு இல்லாத ஜோடிகளை மட்டும் வெச்சுத்தான் கணக்கு, அதுக்கு தனி ஃபார்முலா இருக்கு.