காற்புள்ளியா, முற்றுப்புள்ளியா? கட்டுரைத் தாள் கேள்வி-பதில்

வாக்கியம் எங்கே முடிகிறது என்றே தெரியவில்லை. எளிய வழி உண்டா?
*– பிளஸ் டூ மாணவி, விருதுநகர்*

வினைமுற்றைத் தேடுங்கள். அதைத் தாண்டிப் புதிய எழுவாய் வந்தால், இடையில் முற்றுப்புள்ளி வேண்டும். பயனிலை பெயராகவும் இருக்கலாம்: 'காவிரி நம் உயிர்நாடி.' அங்கும் இதே விதிதான்.

'ஆனால்', 'எனவே' ஆகியவற்றுக்கு முன்னால் காற்புள்ளி போடலாமா?
*– போட்டித் தேர்வர், சேலம்*

அதற்கு முன் வினைமுற்று வந்திருந்தால் முற்றுப்புள்ளி. இவை புதிய வாக்கியத்தைத் தொடங்கும் சொற்கள்.

படிக்கும்போது மூச்சு வாங்கும் இடத்தில் காற்புள்ளி போட வேண்டும் என்று கற்றுத் தந்தார்கள். அப்படித்தான் எழுதுகிறேன். ஆனாலும் 'வாக்கியப் பிழை' என்று சிவப்பு மை விழுகிறது.
*– கல்லூரி மாணவர், திருநெல்வேலி*

இந்த மூச்சுக் கணக்கை யார் தொடங்கிவைத்தார்களோ, நான் திருத்திய தாள்களில் பாதியை அவர்தான் கெடுத்தார். மூச்சு ஆளுக்கு ஆள் மாறும். நிறுத்தற்குறி வாக்கிய அமைப்பைக் காட்டுவது. நீங்கள் அனுப்பிய பத்தியையே பார்ப்போம்:

'மக்கள் நெகிழிப் பைகளைக் கடைகளில் வாங்குகின்றனர், அவற்றைத் தெருவில் எறிகின்றனர் மழைநீர் வடிகாலை அடைத்துத் தண்ணீர் தேங்குகிறது, கொசு பெருகுவதால் நோய் பரவுகிறது எனவே அரசு தடை விதித்தது ஆனால் பயன்பாடு குறையவில்லை.'

வினைமுற்றுகளின் கீழே கோடு போடுங்கள்: வாங்குகின்றனர், எறிகின்றனர், தேங்குகிறது, பரவுகிறது, விதித்தது, குறையவில்லை. ஆறு முற்றுகளுக்கு ஒரே ஒரு முற்றுப்புள்ளி! இரண்டு இடங்களில் காற்புள்ளி முற்றுப்புள்ளியின் வேலையைச் செய்கிறது. மூன்று இடங்களில் எந்தக் குறியும் இல்லை. முதல் இரண்டு வினைகளுக்கும் மக்களே எழுவாய் என்பதால் ஒன்றை எச்சமாக்கிச் சேர்க்கலாம். மற்றவற்றைப் பிரித்துவிட வேண்டும்:

'மக்கள் கடைகளில் வாங்கும் நெகிழிப் பைகளைத் தெருவில் எறிகின்றனர். அவை மழைநீர் வடிகாலை அடைப்பதால் தண்ணீர் தேங்குகிறது. கொசு பெருகுவதால் நோய் பரவுகிறது. எனவே 2019 ஜனவரி முதல் தமிழக அரசு தடை விதித்தது. ஆனால் பயன்பாடு குறையவில்லை.'

இரண்டாம் வாக்கியத்தில் 'அவை' சேர்ந்திருப்பதைக் கவனியுங்கள். உங்கள் பத்தியில் வடிகாலை அடைத்தது எது என்பதே இல்லை. படிப்பவர் தண்ணீர்தான் அடைத்தது என்று நினைப்பார். முற்றுப்புள்ளி வைக்கப் போனால்தான் எழுவாய் காணாமல் போனது கண்ணில் படும். உரக்கப் படித்தால் மூச்சு அதைக் காட்டிக்கொடுக்காது.

வாக்கியப் பிழைக்கு எத்தனை மதிப்பெண் குறைப்பார்கள்?
*– பெயரும் ஊரும் இல்லாத கடிதம்*

எந்தத் தேர்வு என்று எழுதவில்லை. நாற்பது வரிக் கடிதத்தில் ஒரு முற்றுப்புள்ளியும் இல்லை. முதலில் அதைத் திருத்தி அனுப்புங்கள்.

'வந்தான், பார்த்தான், சென்றான்' என்று எழுதுவது பிழையா?
*– ஆசிரியப் பயிற்சி மாணவி, தஞ்சாவூர்*

பிழையில்லை. ஒரே எழுவாய்க்கு அடுக்கி வரும் குறு முற்றுகளைக் காற்புள்ளியால் பிரிக்கலாம். எழுவாய் மாறிய கணமே இந்தச் சலுகை போய்விடும். 'மழை வரும் என்று சொன்னார்' என்பதிலும் 'வரும்' முற்றுதான். 'என்று' அதைப் பெரிய வாக்கியத்துக்குள் அடக்கிக்கொள்கிறது. அங்கே புள்ளி வைத்துவிடாதீர்கள்.

முற்றே வராமல் 'செய்து', 'சென்று' என்று எச்சங்களாகவே கோத்தால் தப்பிக்கலாம் அல்லவா?
*– போட்டித் தேர்வர், கோவை*

முடியாது. 'அரசு அணை கட்டி உழவர்கள் பயன்பெற்றனர்' என்று ஒருவர் எழுதியிருந்தார். கட்டியது அரசு, பயன்பெற்றவர்கள் உழவர்கள். 'செய்து' என்னும் எச்சம் தன் வினைமுதலின் வினையைக் கொண்டே முடியும் என்பது தொல்காப்பியம் காலத்து விதி. 'அரசு அணை கட்டியதால் உழவர்கள் பயன்பெற்றனர்' என்றால் சரி. 'மழை பெய்து நெல் விளைந்தது' என்பதை உதாரணம் காட்டி என்னுடன் சண்டைக்கு வருபவர்கள் உண்டு. இலக்கணம் அதைப் 'பெய்ய' என்பதன் திரிபாகக் கொள்கிறது. தேர்வுத் தாளில் அதை நம்பாதீர்கள். எழுவாய் ஒன்றே ஆனாலும் மூன்று எச்சத்துக்கு மேல் கோத்தால், கடைசியில் 'மாணவர்கள்… பெறுகிறது' என்று முடிப்பீர்கள். எழுவாய் அத்தனை தூரத்தில் போய்விட்டிருக்கும்.

ஆங்கிலத் தாளிலும் இதே விதியா?
*– பத்தாம் வகுப்பு மாணவனின் தந்தை, ஈரோடு*

ஏறக்குறைய. இரண்டு முழு வாக்கியங்களைக் காற்புள்ளி மட்டும் இணைக்காது; கூடவே 'அண்ட்', 'பட்' போன்ற இணைப்புச் சொல் வேண்டும். 'ஹவ்எவர்', 'தேர்ஃபோர்' ஆகியவற்றுக்கு அந்த உரிமை இல்லை. அவற்றுக்கு முன்னால் முற்றுப்புள்ளியோ அரைப்புள்ளியோ வையுங்கள்.

எழுதி முடித்த பிறகு திருத்த நேரம் இருப்பதில்லையே?
*– பிளஸ் டூ மாணவர், கரூர்*

கடைசி ஐந்து நிமிடத்தை ஒதுக்குங்கள். பொருளைப் படிக்காதீர்கள், வினைமுற்றுகளை மட்டும் தேடிச் செல்லுங்கள். காற்புள்ளியின் மேலேயே அழுத்திப் புள்ளி வைத்தால் அது இரண்டும் கெட்டானாகத் தெரியும். ஒரு கோட்டால் அடித்துவிட்டு, பக்கத்தில் தெளிவாகப் புள்ளி வையுங்கள்.