பிறப்புறுப்பு மருவும் ஆறு மாதத்தில் வரப்போகும் கல்யாணமும்

கேள்வி: ஊர் வேலூர், வயது 24. ஆணுறுப்பின் அடிப்பக்கம் சின்னச் சின்னதாக ஐந்தாறு மரு. எச்.பி.வி என்ற வைரஸால் வந்தது என்று டாக்டர் சொல்கிறார். ஆறு மாதத்தில் கல்யாணம். முழுசாகப் போய்விடுமா? கட்டிக்கப் போகிறவளிடம் சொல்லணுமா? இனிமேல் தடுப்பூசி போட்டால் பிரயோஜனம் உண்டா?

தம்பி, நான் இந்த வட்டாரத்தில் பால்வினை நோய்ப் பிரிவில் ஆலோசகராகப் பல வருஷம் வேலை பார்த்தவன். உங்களைப் போலவே தேதி குறித்த பிறகு வந்து உட்கார்ந்தவர்கள் நிறைய பேர். அவர்களுக்கு முதலில் சொல்வதையே உங்களுக்கும் சொல்கிறேன். மருவை எடுத்துவிடலாம். ஆனால் வைரஸைக் கொல்கிற மருந்து இன்றுவரை கிடையாது. அதை உடம்பின் எதிர்ப்பு சக்திதான் அடக்கணும். பெரும்பாலானவர்களுக்கு இரண்டு வருஷத்துக்குள் அடங்கிவிடுகிறது. அதனால் 'மரு போனது' என்பதும் 'தொற்று போனது' என்பதும் ஒன்றல்ல.

இந்த மருவில் பத்துக்கு ஒன்பது, எச்.பி.வி-யின் 6, 11 என்ற இரண்டு வகைகளால் வருவது. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயைக் கொண்டுவருகிறவை 16, 18 போன்ற வேறு வகைகள். உங்கள் மரு புற்றுநோயாக மாறிவிடுமோ என்று இரவெல்லாம் விழித்திருக்க வேண்டாம். கறுத்து, கெட்டியாகி, ரத்தம் கசிந்தாலோ, மருந்துக்கு அசையவே இல்லை என்றாலோ மட்டும் சதைத் துணுக்கு எடுத்துப் பரிசோதிப்பார்கள்.

குடியாத்தத்துப் பையன் ஒருவன், ஆம்பூரில் ஷூ கம்பெனி வேலை. மருவை வெளியே காட்டக் கூச்சப்பட்டு, யாரோ சொன்னதைக் கேட்டு சுண்ணாம்பும் சோடா உப்பும் குழைத்துத் தடவியிருந்தான். வந்தபோது மரு அப்படியே இருக்க, சுற்றியிருந்த தோல் வெந்து கிடந்தது. கால் ஆணிக்குப் போடும் மருந்தைத் தடவிக்கொண்டு வருகிறவர்களும் உண்டு. அந்த இடத்துத் தோல் அதைத் தாங்காது. புண் ஆறும்வரை அவனுக்கு எந்த வைத்தியமும் தொடங்க முடியவில்லை.

அந்த இடைவெளியில் சிபிலிஸ் என்ற பால்வினை நோய்க்கான வி.டி.ஆர்.எல், எச்.ஐ.வி ரத்தப் பரிசோதனைகளை முடித்தோம். நீங்களும் கட்டாயம் செய்யுங்கள். சிபிலிஸின் இரண்டாம் கட்டத்திலும் மரு மாதிரியே வரும். அது தட்டையாக, ஈரமாக, அகலமாக இருக்கும், பென்சிலின் ஊசியில் குணமாகிவிடும். எச்.ஐ.வி பரிசோதனை அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்தில் இலவசம். அடுக்கம்பாறையிலும் உண்டு. ஆனால் ஆண்களுக்கு 'எச்.பி.வி இருக்கிறதா' என்று பார்க்கிற டெஸ்ட்டுக்கு லேபில் பணம் கட்டாதீர்கள். அதன் முடிவு வைத்தியத்தை மாற்றப்போவதில்லை.

புண் ஆறியதும் டாக்டர் அவனுக்கு எழுதிக்கொடுத்தது 0.5 சதவீத போடோஃபைலோடாக்ஸின் திரவம். காலை, இரவு என்று மூன்று நாள் மருவின் மேல் மட்டும் தொட்டு வைக்கணும், அடுத்த நான்கு நாள் விடணும். இது ஒரு சுற்று. நான்கு சுற்று வரை போகலாம். மூன்றாம் நாள் சிவந்து எரிச்சல் வருவது சகஜம். தோல் உரிந்து புண்ணானால் நிறுத்திவிட்டு டாக்டரைப் பார்க்கணும். மூன்றாவது சுற்றில் நான்கு மரு உதிர்ந்தன. பழையதாய் இறுகிப்போயிருந்த இரண்டை திரவ நைட்ரஜனால் உறைய வைத்து எடுத்தார்கள். அதை ஒன்றிரண்டு வாரத்துக்கு ஒருமுறை திரும்பச் செய்ய வேண்டிவரும். பெரிதாக, கொத்தாக இருந்தால் மரத்துப்போக ஊசி போட்டு கரண்ட்டில் சுட்டெடுப்பார்கள். இமிகிமாட் கிரீம் என்றும் ஒன்று உண்டு: வாரத்தில் மூன்று இரவு தடவி காலையில் கழுவணும், 16 வாரம் வரை போகும். மெதுவானது. அது ஆணுறையின் ரப்பரையும் பலவீனமாக்கும் என்பதை நினைவில் வையுங்கள்.

இரண்டு மாதம் கழித்து அவனுக்கு அதே இடத்தின் ஓரத்தில் புதிதாக மூன்று முளைத்தன. "ஏமாத்திட்டீங்களே சார்" என்று அழுதான். யாரும் ஏமாற்றவில்லை. பார்வைக்குச் சுத்தமாகத் தெரியும் தோலிலும் வைரஸ் இருக்கும். அதனால் முதல் மூன்று மாதத்தில் திரும்புவது ரொம்ப சாதாரணம். வந்ததைச் சின்னதாக இருக்கும்போதே மறுபடி உறைய வைத்தார்கள். அதற்கப்புறம் வரவில்லை. இதனால்தான் உங்களை இந்த வாரமே தொடங்கச் சொல்கிறேன். ஒரு முறை திரும்பினாலும் சமாளிக்க நாள் மிச்சமிருக்கும். அந்த இடத்தில் பிளேடு போட்டு மழிக்கவும் வேண்டாம், கீறல் வழியே பக்கத்துத் தோலுக்குப் பரவும்.

இது யாரிடமிருந்து வந்தது என்ற ஆராய்ச்சியை விட்டுவிடுங்கள். தொற்றியதிலிருந்து மரு முளைக்கப் பெரும்பாலும் சில மாதம், சிலருக்கு வருஷக்கணக்கும் ஆகும். முன்பு ஒருவரோடு பழக்கம் இருந்திருந்தால் அவருக்கு மட்டும் தகவல் சொல்லுங்கள், அவரும் ஒருமுறை காட்டிக்கொள்ளட்டும். நாளைக்கு உங்கள் மனைவிக்கு வந்தாலும் அதை வைத்து அவர் நடத்தையைச் சந்தேகிக்க முடியாது. இந்த ஒரு விஷயத்தால் உடைந்த குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன், மனசு ஆறவில்லை.

கட்டிக்கப் போகிறவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். மறைத்துக் கல்யாணம் செய்வது அவருக்குச் செய்கிற அநியாயம். வீட்டுப் பெரியவர்கள் வழியாக வேண்டாம், நீங்களே நேரில் சொல்லுங்கள்: "எனக்கு இந்த மரு வந்தது, வைத்தியம் நடக்கிறது, உனக்கு வராமல் இருக்க ஊசி இருக்கிறது, டாக்டரிடம் சேர்ந்தே போகலாம்." மரு முழுசாகப் போகும் வரை உறவு கூடாது. போன பிறகும் சில மாதம் ஆணுறை நல்லது. ஆனால் ஆணுறை மூடாத தோலிலிருந்தும் தொற்றும் என்பதால் அதை மட்டும் நம்ப முடியாது.

ஊசிக்கு வருகிறேன். ஏற்கெனவே வந்த மருவை எந்தத் தடுப்பூசியும் கரைக்காது, உங்கள் உடம்பில் உள்ள வகையையும் விரட்டாது. இன்னும் தொற்றாத வகைகளிலிருந்துதான் காக்கும். உங்களுக்கு 6 அல்லது 11 வந்திருக்கலாம்; 16, 18 வராமல் இருக்கலாம். அதனால் 24 வயதில் போட்டுக்கொள்வதில் அர்த்தம் இருக்கிறது. நம் நாட்டில் சீரம் நிறுவனம் தயாரிக்கும் செர்வாவாக் 6, 11, 16, 18 நான்குக்கும் எதிரானது, 26 வயது வரை ஆண், பெண் இருவருக்கும் உண்டு. 15 வயதுக்கு மேல் மூன்று டோஸ்: முதல் ஊசி, இரண்டாம் மாதம், ஆறாம் மாதம்.

உங்களைவிடக் கட்டிக்கப் போகிறவருக்குத்தான் இதில் லாபம் அதிகம். இதுவரை யாரோடும் உறவு இல்லாதவர் என்றால் நான்கு வகைக்குமே அவருக்கு நல்ல பாதுகாப்பு கிடைக்கும். இப்போது முதல் ஊசி போட்டால் மூன்றாவது ஊசி கல்யாண நேரத்தில் வந்து நிற்கும். வாங்கும்முன் 6, 11 அதில் இருக்கிறதா என்று கேளுங்கள், 16, 18 மட்டும் உள்ள ஊசி மருவைத் தடுக்காது. ஊசி போட்டாலும் 30 வயதுக்கு மேல் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனையை அவர் விடக்கூடாது. இடையில் கரு தங்கிவிட்டால் மிச்ச டோஸைப் பிரசவத்துக்கு அப்புறம் போட்டுக்கொள்ளலாம், முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. கர்ப்ப காலத்தில் அவருக்கு மரு வந்தால் உங்கள் மருந்தைத் தடவக் கொடுத்துவிடாதீர்கள், போடோஃபைலோடாக்ஸின் அப்போது கூடவே கூடாது. உறைய வைத்து எடுப்பார்கள்.