ஒரு 'யோ' கூடினா என்ன அர்த்தம்?

கேள்வி: அக்கா, நான் சியோல்ல வேலை பார்க்கறேன், என் ஆளு கொரியன். எட்டு மாசமா தினமும் "போகோ ஷிபோ", அதாவது பாக்கணும் போல இருக்குன்னுதான் மெசேஜ் போடுவான். போன வாரம் ஒரு சண்டை. மறுநாள் "ஜாகியா, நா நொமு போகோ ஷிபோயோ"ன்னு அனுப்பினான். அந்த 'யோ' மரியாதைக்குன்னு படிச்சிருக்கேன், அப்போ விலகுறானா? நான் பதிலுக்கு "சரங்ஹாம்னிதா"ன்னு போட்டேன், விழுந்து விழுந்து சிரிச்சான். ஏன்?

பதில்: முதல்ல அந்த சிரிப்பை முடிச்சுடுவோம் தங்கச்சி. 'ம்னிதா'ன்னு முடியறது மேடைல, ஆபீஸ் மீட்டிங்ல, நியூஸ்ல வர்ற பேச்சு. பாடகர் மைக்கைப் பிடிச்சு ரசிகர்களைப் பார்த்து சொல்றது அது. கல்யாண மேடைலயோ கடுதாசிலயோ கம்பீரமா இருக்கும், ஆனா ராத்திரி சாட்ல வந்தா "தங்கள்மேல் அன்பு கொண்டுள்ளேன் என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்"னு நீ சொன்ன மாதிரி. பாவம், சிரிக்காம என்ன பண்ணுவான்.

இப்போ 'யோ'. இலக்கணப் புத்தகத்துல மரியாதைக்கு ஆறு நிலை இருக்கும், ஆனா ஜோடிங்களுக்குள்ள நடமாடறது ரெண்டுதான், 'யோ' இல்லாத பான்மல், 'யோ' போட்ட பேச்சு. நம்ம 'ங்க'வை நினைச்சுக்கோ, நீ/நீங்க இல்ல, "வரேன்", "வரேங்க"ல வர்ற 'ங்க'. வர்றது நான்தான், ஆனா 'ங்க' கேக்கறவருக்கு. அதே மாதிரி "போகோ ஷிபோயோ"ல 'உன்னை'யும் இல்ல 'உங்களை'யும் இல்ல, பாக்கணும் போல இருக்குங்கறது மட்டும்தான், நீ அவனுக்கு எவ்வளவு பக்கம்ங்கறதை அந்த வால்தான் சொல்லுது.

அதனால 'யோ'வுக்குன்னு தனியா ஒரு உணர்ச்சி கிடையாது, வழக்கமா எப்படி பேசறாங்களோ அதுலேர்ந்து எந்தப் பக்கம் நகர்ந்துச்சுங்கறதுதான் கணக்கு. கல்யாணமாகி வருஷக்கணக்கா 'யோ' போட்டே பேசற ஜோடிங்க உண்டு, அவங்களுக்கு அது வெதுவெதுப்பான பேச்சு, திடீர்னு ஒருநாள் 'யோ' உதிர்ந்து "போகோ ஷிபோ"ன்னு வந்தா அதுதான் படபடப்பு. புதுசா பழகறவங்க "மல் நோஉல்க்காயோ", அதாவது பேச்சை இறக்கி வைக்கலாமான்னு கேட்டுட்டுதான் பான்மலுக்கே வருவாங்க. நீங்க ஏற்கனவே இறக்கி வச்சவங்க, உங்களுக்குள்ள 'யோ' வந்தா ரெண்டு காரணம்தான், ஒண்ணு கொஞ்சல் இல்லைன்னா கோபம்.

கோபத்துக்கு எங்க பழைய அபார்ட்மென்ட் மாடி வீட்டு ஜோடியை சொல்லணும். நாள் பூரா பான்மல்தான். ஒருநாள் லிஃப்ட்ல அவர் ஏதோ சொல்லப்போக அந்தம்மா சுவரைப் பார்த்துக்கிட்டு "அராஸ்ஸோயோ. மாயும்தேரோ ஹாஸேயோ"ன்னாங்க. சரிங்க, உங்க இஷ்டப்படி செய்ங்க. ஆறாவது மாடி வர்ற வரைக்கும் அவர் வாயே திறக்கல. நம்ம வீட்லயும் 'நீ'ன்னு கூப்பிடறவ "சார் சொன்னா சரிங்க"ன்னா புருஷனுக்குத் தெரியாதா என்ன.

உன் ஆளு மெசேஜ்ல வாலை மட்டும் பாக்காத, தலையைப் பாரு. "ஜாகியா"ன்னு செல்லமா ஆரம்பிச்சிருக்கான். தன்னை 'நா'ன்னுதான் சொல்லியிருக்கான், பணிவா தள்ளி நிக்கறவன் 'ஜோ'ன்னு சொல்வான், உன் பேருக்குப் பின்னாடி மரியாதைக்கு 'ஷி' ஒட்டுவான். தலை முழுக்க நெருக்கம், வால்ல மட்டும் 'யோ'ன்னா அது தப்பு பண்ணின பையன் தலையை சொறிஞ்சுக்கிட்டு நிக்கற 'யோ'. அதுவும் இல்லாம, கோபத்துல 'யோ' போடறவன் பாக்கணும் போல இருக்குன்னு எங்க சொல்லப்போறான்? அந்தக் கோபம் சாதா மெசேஜ்லதான் தெரியும். தினமும் "பாப் மோகொஸ்ஸோ"ன்னு சாப்பிட்டியான்னு கேக்கறவன் ரெண்டு மூணு நாளா அதையும் "மோகொஸ்ஸோயோ"ன்னு கேட்டா, அப்போ உக்காந்து பேசு.

என்னைக்காவது "போகோ ஷிப்தா"ன்னு வந்தா குழம்பாத, அது மரியாதைக் குறைவு இல்ல. தனக்குத்தானே முனகற மாதிரி, "ஹ்ம்ம், பாக்கணும் போல இருக்கே"ன்னு பெருமூச்சு விடற மாதிரி. எனக்கு மூணுலயும் இதான் பிடிக்கும், யாருக்கும் சொல்லாத மாதிரி சொல்றான் பாரு.

பதில் போடறப்போ "ஜோதோ போகோ ஷிபோ"ன்னு மட்டும் போட்டுடாத, நம்மாளுங்க அடிக்கடி பண்ற தப்பு, தலைல பணிவு வால்ல உரிமைன்னு ஒட்டவே ஒட்டாது. எனக்கும்தான்னு சொல்ல "நாதோ போகோ ஷிபோ" போதும். 'யோ'வே இல்லாம வந்தா சண்டை முடிஞ்சுதுன்னு அவனுக்கே புரியும்.