பர்கண்டி செம்பட்டையானால் நீலத்தைத் தொடாதீர்கள்

கேள்வி: மூன்று மாதம் முன்பு பார்லரில் பர்கண்டி கலர் போட்டேன். இப்போது வெளுத்துச் செம்பட்டையாகத் தெரிகிறது. அடுத்த கலரிங்குக்கு இன்னும் ஆறு வாரம் இருக்கிறது. அதுவரை கலர் கண்டிஷனர் போதுமா, பளபளப்புக்குப் போடும் கிளாஸ் செய்ய வேண்டுமா? வீட்டில் போர்வெல் தண்ணீர்தான். ஊர் கிருஷ்ணகிரி.

ஆறு வாரத்துக்குக் கண்டிஷனரே போதும். எந்த நிறத்தில் வாங்குகிறீர்கள் என்பதில்தான் சிக்கல். நான் தருமபுரியில் வீட்டு முன்னறையிலேயே சின்னதாக ஒரு பார்லர் நடத்துகிறேன். கலர் மங்கிவிட்டது என்று என்னிடம் வருகிறவர்களில் பலர் அதற்கு முன்பே ஒரு நீல ஷாம்பூவை வாங்கிப் போட்டு, இருந்ததையும் கெடுத்துக்கொண்டுதான் வருகிறார்கள்.

நம் கருப்பு முடியில் பர்கண்டி தெரிய வேண்டுமென்றால் முதலில் கருப்பு கொஞ்சம் விலக வேண்டும். சாயத்தோடு கலக்கும் டெவலப்பரில் இருக்கும் பெராக்சைடு அந்த வேலையைச் செய்கிறது. கருப்பு விலகினால் அடியில் செம்பழுப்பு தெரியும், இன்னும் விலகினால் ஆரஞ்சு. அதன் மேல்தான் சிவப்பும் ஊதாவும் சேர்ந்து உட்கார்ந்து பர்கண்டியாகத் தெரிகின்றன. தலைக்குக் குளிக்கக் குளிக்க மேலே உட்கார்ந்த நிறம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிவிடும். சாயங்களிலேயே சிவப்புக்குத்தான் ஆயுள் குறைவு. ஆனால் வெளுத்த அடிப்பகுதி மட்டும் வெளுத்தபடியே நிற்கும். செம்பட்டை என்று நீங்கள் சொல்வது முதல் நாளிலிருந்தே அடியில் இருந்த நிறம். மேலே கிடந்த போர்வை விலகியதால் இப்போது கண்ணில் படுகிறது.

இணையத்தில் தேடினால் ஆரஞ்சுக்கு எதிர் நிறம் நீலம், அதனால் நீலம் பூசு என்று வரும். சாம்பல் சாயலுள்ள பழுப்பு வேண்டும் என்கிறவர்களுக்கு அது சரி. உங்களுக்கு வேண்டியது பர்கண்டி. ஆரஞ்சின் மேல் நீலம் விழுந்தால் ஆரஞ்சு அடங்கும், மிச்சமிருக்கும் சிவப்பும் அதோடு சேர்ந்து அடங்கி ஒரு மண் நிறம் வரும். ஊதா ஷாம்பூ என்று விற்பது மஞ்சளாக வெளுத்த முடிக்கானது, ஆரஞ்சு முடியில் அது பெரிதாக எதுவும் செய்யாது. ஆகவே கண்ணை உறுத்தும் நிறத்தை அடிக்க எதையும் தேடாதீர்கள். போன நிறத்தைத் திருப்பிப் போடுங்கள். சிவப்பும் ஊதாவும் கலந்த கண்டிஷனர் வாங்குங்கள். டியூபில் பர்கண்டி, வைன், பிளம் என்று ஏதாவது ஒரு பெயர் இருக்கும்.

என் நாத்தனார் மகள் கதையைச் சொன்னால் இன்னும் தெளிவாகும். ஓசூரில் வேலை, தோள் வரை முடி, உங்களைப் போலவே பர்கண்டி. பத்தாவது வாரம் நீல ஷாம்பூவை இரண்டு முறை போட்டுவிட்டு, "அத்தே, எலி நிறம் ஆயிடுச்சு" என்று போன் செய்தாள். ஞாயிற்றுக்கிழமை வந்தபோது பார்த்தால் உண்மையிலேயே எலி நிறம்தான். ஆழமாகச் சுத்தம் செய்யும் கிளாரிஃபையிங் ஷாம்பூவை இரண்டு தடவை போட்டு அலசியதும் நீலம் பெருமளவு இறங்கியது, பழைய செம்பட்டை மறுபடி தெரிந்தது. அதைப் பார்த்துத்தான் எனக்கு நிம்மதி. இந்தக் கண்டிஷனர்களில் இருப்பது நேரடிச் சாயம். அமோனியா கிடையாது, பெராக்சைடு கிடையாது. சாயத்துக்கு நேர் மின்னேற்றம், கலர் போட்டு அடிபட்ட முடியின் மேற்பரப்புக்கு எதிர் மின்னேற்றம், அந்த இழுப்பில்தான் ஒட்டிக்கொள்கிறது. உள்ளே ஆழமாகப் போவதில்லை என்பதால் சில அலசலில் போய்விடுகிறது. தவறைத் திருத்த முடிவதும் அதனால்தான்.

அப்புறம் பர்கண்டி கண்டிஷனரை எடுத்தோம். இங்கே தவறு என்னுடையது. வேரிலிருந்து நுனி வரை ஒரே மாதிரி பூசிப் பதினைந்து நிமிடம் விட்டேன். நடுமுடி அழகாக வந்தது, நுனி நான்கு விரல் அளவு கத்தரிக்காய் நிறமாகிவிட்டது. நுனிதான் வயதான முடி, அதிகம் அடிபட்டது. சாயத்தை ஸ்பாஞ்ச் மாதிரி குடிக்கும். அடுத்த முறையிலிருந்து டியூபில் இருப்பதை நடுமுடிக்கு அப்படியே போட்டேன். நுனிக்கு ஒரு பங்குக்கு மூன்று பங்கு சாதாரண வெள்ளைக் கண்டிஷனர் கலந்து, கடைசி மூன்று நிமிடம் மட்டும் வைத்தேன். நிறம் ஒரே சீராக வந்தது.

உங்களுக்கும் அதே முறையைச் சொல்கிறேன். பூசுவதற்கு இரண்டு நாள் முன்னால் காதுக்குப் பின்னால் ஒரு பொட்டு தடவி 48 மணி நேரம் பாருங்கள், நேரடிச் சாயமும் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. பின்கழுத்துப் பக்கம் வெளியே தெரியாத ஒரு கொத்தில் ஐந்து நிமிடம் போட்டு, அலசி, காயவைத்துப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். ஈரமாக இருக்கும்போது எல்லா நிறமும் ஒரு படி கருத்துத் தெரியும், அதை நம்ப வேண்டாம். கொத்து சரியாக வந்தால் முழுத் தலைக்கும் போடலாம். தோள் வரை முடிக்கு 40 கிராம் போதும்.

முதலில் ஷாம்பூ போட்டு எண்ணெய்ப் பிசுக்கு முழுக்கப் போக வேண்டும். வெள்ளிக்கிழமை எண்ணெய் வைத்துச் சீயக்காய் தேய்த்த கையோடு பூசினால், எண்ணெய் மிச்சம் இருக்கும் இடத்திலெல்லாம் திட்டுத் திட்டாக நிற்கும். துண்டால் நன்றாக ஒற்றி எடுங்கள், தண்ணீர் சொட்டினால் சாயம் நீர்த்துப்போகும். நெற்றி ஓரத்திலும் காதிலும் வாசலின், கையில் உறை. முதல் தடவை ஐந்து நிமிடத்துக்கு மேல் வைக்காதீர்கள். போதவில்லையென்றால் அடுத்த அலசலில் பத்து நிமிடம் வையுங்கள். கூட்டுவது சுலபம், குறைக்கத்தான் பாடுபட வேண்டும். சூடில்லாத தண்ணீரில் அலசுங்கள், மறுபடி ஷாம்பூ வேண்டாம். மூன்று தலைக்குளியலுக்கு ஒருமுறை போட்டால் ஆறு வாரம் ஓடிவிடும். ஒவ்வொரு குளியலிலும் போட்டுக்கொண்டே போனால் சாயம் அடுக்கடுக்காகச் சேரும். வெயிலில் நின்றாலும் சிவப்பு மின்னாமல் கருஞ்சிவப்பாக, உயிரில்லாமல் தெரிந்தால் அதிகமாகிவிட்டது என்று அர்த்தம். கிளாரிஃபையிங் ஷாம்பூவால் ஒருமுறை அலசிவிட்டு இரண்டு வாரம் சும்மா இருங்கள்.

தலையணைக்குப் பழைய உறை போடுங்கள். முதல் இரண்டு நாள் வியர்வையில் இறங்கும். வெள்ளைச் சுடிதார் போட்டுக்கொண்டு மாங்காய் மண்டி வெயிலில் நின்றீர்கள் என்றால் காலர் ரோஸ் நிறமாகிவிடும்.

இனி போர்வெல் தண்ணீர். நம் பக்கத்துப் போர்வெல் தண்ணீர் எப்படி என்று வாட்டர் ஹீட்டர் காயிலைப் பார்த்தாலே தெரியும், வெள்ளையாகப் படை பிடித்திருக்கும். அதே சுண்ணாம்பு முடியிலும் படிகிறது. அதனால் முடி சொரசொரவென்று மங்கலாகத் தெரியும், நாம் கலர் போய்விட்டது என்று நினைத்துக்கொள்வோம். இதைச் சோதிக்க ஒரு வழி: ஒரு கொத்தை மட்டும் குடிதண்ணீரில் ஷாம்பூ போட்டு அலசிக் காயவையுங்கள். அந்தக் கொத்து மட்டும் சிவப்பாகப் பளபளத்தால் உங்களுக்குச் சாயம் அவ்வளவாகப் போகவில்லை, மேலே படிவுதான் மூடியிருக்கிறது. அப்போது கலர் கண்டிஷனரை வாங்கும் முன்னால் ஒருமுறை கிளாரிஃபையிங் ஷாம்பூ போட்டுப் பாருங்கள். இங்கே எங்கள் தெருவில் ஒகேனக்கல் தண்ணீர் வருகிற நாளில்தான் நான் கலர் வேலையே வைத்துக்கொள்கிறேன். முழுக் குளியலுக்கும் வேண்டாம், கடைசி அலசலுக்கு அரைக் குடம் நல்ல தண்ணீர் இருந்தால் போதும்.

கிளாஸ் பற்றிக் கேட்டீர்கள். (முதன்முதலில் ஒரு பாட்டியிடம் சொன்னபோது, "தண்ணி வேணாம்மா, இப்பதான் குடிச்சேன்" என்றார்.) அதுவும் ஒரு சாயம்தான், ஆனால் மிக மென்மையான டெவலப்பரோடு கலந்து போடுவது. கருப்பை விலக்கும் கலரிங்கில் வழக்கமாக 6 சதவீதப் பெராக்சைடு என்றால், கிளாஸில் சுமார் 2 சதவீதம்தான். இருபது நிமிடம் வைப்போம். சாயம் கொஞ்சம் உள்ளேயும் போவதால் நான்கிலிருந்து ஆறு வாரம் நிற்கும், முடியின் மேல்தோல் படிந்து பளபளப்பும் கூடும். நிறமே இல்லாத கிளியர் கிளாஸ் என்றும் ஒன்று உண்டு. அது பளபளப்பு மட்டும் தரும், உங்கள் செம்பட்டையை மாற்றாது. கடையில் வாங்கும்போது பெட்டியில் இரண்டு பாட்டில் கலக்கச் சொன்னால் அது கிளாஸ் அல்லது டை, ஒரே டியூப் என்றால் கண்டிஷனர்.

நடுவில் வீட்டுக் கல்யாணம் ஏதாவது இருந்தால் ஒரு வாரம் முன்பு பார்லரில் கிளாஸ் செய்துகொள்ளுங்கள். இல்லையென்றால் அந்தச் செலவு உங்களுக்குத் தேவையில்லை. கருப்பு டை போட்டு எப்போதாவது தலை அரித்திருக்கிறது, கண் இமை வீங்கியிருக்கிறது என்றால் கிளாஸ் பக்கமே போகாதீர்கள், பெரும்பாலும் அதே வகைச் சாயம்தான் இதிலும் இருக்கும்.

வேர்ப்பகுதியில் கருப்பாக வளர்ந்திருக்குமே, மூன்று மாதத்துக்கு மூன்று நான்கு சென்டிமீட்டர். அதை இந்தக் கண்டிஷனர் தொடாது. கருப்பை வெளுக்கும் சக்தி அதில் இல்லை, பூசினால் டியூப்தான் காலியாகும். நரை இருந்தால் அதில் இளஞ்சிவப்பாக லேசாக ஏறும், இரண்டு மூன்று குளியலில் போய்விடும், அதை மறைப்பு என்று சொல்ல முடியாது. பீட்ரூட் சாறு தேய்த்துப் பார்க்கலாமா என்றும் கேட்பீர்கள். தேய்க்கலாம், அடுத்த அலசலில் சாக்கடையில் சிவப்பாக ஓடும், அவ்வளவுதான்.

ஆறாவது வாரம் பார்லருக்குப் போகும் முன் இரண்டு வாரம் கலர் கண்டிஷனரை நிறுத்திவிடுங்கள். போகும்போது அந்த டியூபையும் கையோடு எடுத்துப் போய்க் காட்டுங்கள். மேலே மிச்சமிருக்கும் சாயம் தெரியாமல் அவர்கள் கணக்குப் போட்டால், வேர் ஒரு நிறமும் நுனி ஒரு நிறமுமாக வரும்.