மலையில் சேர்த்த ரத்தம் எத்தனை நாள் தங்கும்?

கேள்வி: 10 கிலோமீட்டர் ஓட்டத்தில் என் நேரம் 40 நிமிடம். எடை 60 கிலோ. 2,300 மீட்டர் உயரத்தில் நடக்கும் மூன்று வார முகாமில் சேரச் சொல்கிறார்கள். முகாம் முடிந்து ஐந்து வாரம் கழித்துத்தான் எனக்குப் போட்டி. "சிவப்பணுவுக்கு 120 நாள் ஆயுள், அதனால் பலன் மூன்று மாதம் நிற்கும்" என்கிறார் முகாம் ஏற்பாட்டாளர். நம்பிப் பணம் கட்டலாமா?

பதில்: இந்தத் தேதிகளில் கட்ட வேண்டாம். 120 நாள் என்பது சரியான எண்தான். அதிலிருந்து அவர் எடுத்த முடிவுதான் தவறு. மலையில் கூடிய ரத்தம், கீழே வந்த மூன்று நான்கு வாரத்தில் பெரும்பாலும் பழைய அளவுக்குத் திரும்பிவிடும். ஐந்தாவது வாரத்தில் நீங்கள் ஓடும்போது, அதற்காகக் கட்டிய பணத்தில் மிஞ்சியிருப்பது மிகக் குறைவு.

முதலில் மேலே என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம். 2,300 மீட்டரிலும் காற்றில் ஆக்சிஜனின் பங்கு அதே 21 சதவீதம்தான். காற்றழுத்தம்தான் குறைவு. அதனால் ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகும் ஆக்சிஜன் ஏறத்தாழ கால் பங்கு குறைகிறது. இதைச் சிறுநீரகம் சில மணி நேரத்திலேயே உணர்ந்து எரித்ரோபொய்டின் என்ற ஹார்மோனை அதிகமாகச் சுரக்கிறது. சுருக்கமாக ஈ.பி.ஓ. என்பார்கள். அது எலும்பு மஜ்ஜைக்குப் போய்ச் சிவப்பணு உற்பத்தியைக் கூட்டுகிறது. சிவப்பணு கூடினால் ஹீமோகுளோபின் கூடும், தசைகளுக்குப் போகும் ஆக்சிஜனும் கூடும். நீண்ட தூரம் ஓடுகிறவருக்கு வேண்டியது அதுதான்.

ஆனால் இது மெதுவான வேலை. மேலே கழிக்கும் ஒவ்வொரு 100 மணி நேரத்துக்கும் உடலின் மொத்த ஹீமோகுளோபின் சுமார் 1 சதவீதம் கூடும் என்பது இந்தத் துறையில் எல்லோரும் வைத்திருக்கும் தோராயக் கணக்கு. உங்களுக்கே போட்டுப் பார்ப்போம். 60 கிலோ எடையுள்ள, நன்றாகப் பயிற்சி எடுத்த ஒருவரின் உடலில் மொத்தம் 780 கிராம் ஹீமோகுளோபின் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். மூன்று வாரம் முழுக்க மேலேயே இருந்தால் சுமார் 500 மணி நேரம். கணக்குப்படி 5 சதவீதம் கூட வேண்டும். நடைமுறையில் 3, 4 சதவீதம் கூடினாலே நல்ல முகாம் என்று சொல்லலாம். அதாவது 25 முதல் 30 கிராம். இது ஓட்டத்தில் அதே சதவீதமாக வெளிப்படாது. எல்லாம் சரியாக நடந்தால் நேரத்தில் 1 சதவீதம் குறையலாம். உங்கள் 40 நிமிடத்தில் அது சுமார் 24 விநாடி. இதற்கு மேல் யாராவது வாக்குக் கொடுத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

இப்போது அந்த 120 நாள் கதை. கீழே இறங்கியதும் ஆக்சிஜன் தாராளமாகக் கிடைக்கிறது. தேவைக்கு மேல் ரத்தம் இருக்கிறது என்று உடல் முடிவுகட்டுகிறது. ஓரிரு நாளில் ஈ.பி.ஓ. அளவு, மலைக்குப் போகும் முன் இருந்ததைவிடவும் கீழே விழுகிறது. புது அணுக்களின் வரவு குறைகிறது. பழையவை வழக்கம்போல் தினமும் செத்துக்கொண்டே இருக்கின்றன. போதாததற்கு, மேலே புதிதாக உருவான இளம் அணுக்களையே உடல் முதலில் கழித்துக்கட்டுகிறது என்றும் கண்டிருக்கிறார்கள். விண்வெளியில் ரத்தம் குறைந்துவந்த வீரர்களை ஆராய்ந்தபோதுதான் இது முதலில் பேசப்பட்டது. உற்பத்திக் குறைவின் பங்கு எவ்வளவு, இந்தக் கழிவின் பங்கு எவ்வளவு என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் வாதம் இருக்கிறது. போட்டி ஓடப்போகிற உங்களுக்கு அந்த வாதம் தேவையில்லை. ஓர் அணு 120 நாள் வாழக்கூடும் என்பதும், கூடுதலாகச் சேர்ந்த ரத்தம் 120 நாள் நிற்கும் என்பதும் ஒன்றல்ல. அதுதான் விஷயம்.

அப்படியானால் எப்போது ஓடுவது? இறங்கிய முதல் இரண்டு மூன்று நாளில் ஓடலாம். அல்லது இரண்டு வாரம் தாண்டி, 14 முதல் 21 நாளுக்குள் ஓடலாம். இடையில் நாலாம் நாளிலிருந்து பன்னிரண்டாம் நாள் வரை பலருக்குக் கால் கனக்கும், வேகம் பிடிபடாது. மலையில் குறைந்திருந்த பிளாஸ்மா, அதாவது ரத்தத்தின் நீர்ப்பகுதி, திரும்பி வருகிறது. மேலே பழகிய வேகமான மூச்சு மெல்ல அடங்குகிறது. மெதுவாக ஓடிப் பழகிய கால்கள் மறுபடி வேகத்துக்குப் பழக வேண்டும். அந்த நாட்களில் ஒரு ஓட்டம் சொதப்பினால் முகாமே வீண் என்று நினைத்துவிடாதீர்கள். உங்கள் போட்டியோ 35ஆம் நாள். இந்த இரண்டு இடைவெளியிலும் அது விழவில்லை.

அடுத்தது, இந்தத் தொழிலில் அடிக்கடி பார்த்து எரிச்சலாகும் ஒன்று. முகாம் ஏற்பாட்டாளர்கள் 'முன்', 'பின்' என்று இரண்டு ரத்தப் பரிசோதனைத் தாளை நீட்டுவார்கள். முகாமுக்கு முன் ஹீமோகுளோபின் 14.2, மேலே போன மூன்றாம் நாள் 15.3. பார்த்தீர்களா அதிசயத்தை! மூன்று நாளில் மஜ்ஜை அவ்வளவு அணுவை உருவாக்கி அனுப்பவே முடியாது. நடந்தது இவ்வளவுதான்: மலை ஏறிய ஓரிரு நாளில் உடல் பிளாஸ்மாவைக் குறைத்துவிடுகிறது. குளத்தில் தண்ணீர் வற்றினால் மீன் நெருக்கமாகத் தெரியும், மீன் கூடியதாக ஆகாது. அந்தத் தாளில் இருப்பது அடர்த்தி. நமக்கு வேண்டியது மொத்த அளவு. அதை அளக்க, மிகச் சிறிய அளவு கார்பன் மோனாக்சைடைச் சுவாசிக்க வைத்துச் செய்யும் தனிப் பரிசோதனை இருக்கிறது. அது விளையாட்டு அறிவியல் ஆய்வகங்களில்தான் நடக்கும், சாதாரண ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் கிடைக்காது. இதே அடர்த்தி, கீழே வந்து நீர் ஏறியதும் குறையும். அப்போது அந்தத் தாளை மட்டும் யாரும் காட்டமாட்டார்கள்.

முகமூடி மாட்டிக்கொண்டு மாடியில் ஓடுவதும் இதே ரகம். அது மூச்சுக் காற்றைத் தடுக்கிறது, மலையின் காற்றழுத்தத்தை உண்டாக்குவதில்லை. அதைவிட, மாட்டியிருப்பது அரை மணி நேரம். நமக்கு வேண்டியது நூற்றுக்கணக்கான மணி நேரம்.

உங்கள் முகாமைப் பற்றி இன்னொரு சந்தேகம் எனக்கு இருக்கிறது. 1997ஆம் ஆண்டு லெவைன், ஸ்ட்ரே-கண்டர்சன் இருவரும் 39 ஓட்டக்காரர்களைக் கொண்டு செய்த ஆய்வு இந்தத் துறையில் எல்லோரும் எடுத்துக்காட்டுவது. ஒரு பிரிவு 2,500 மீட்டரில் தங்கி, கீழே 1,250 மீட்டரில் பயிற்சி செய்தது. இன்னொரு பிரிவு தங்கியதும் ஓடியதும் மேலேயே. சிவப்பணு இரண்டு பிரிவுக்கும் கூடியது. ஆனால் 5,000 மீட்டர் நேரம் முன்னேறியது, கீழே வந்து பயிற்சி செய்த பிரிவுக்குத்தான். சராசரியாக 13 விநாடி. காரணம் எளிது. மேலே உங்கள் வழக்கமான வேகத்தைத் தொட முடியாது. மூன்று வாரம் மெதுவாக ஓடிப் பழகிய கால், ரத்தம் கூடிய பலனைத் தின்றுவிடும். ஆகவே ஏற்பாட்டாளரிடம் ஒன்றைக் கேளுங்கள்: வாரத்தில் இரண்டு கடும் பயிற்சிக்கு எங்களைக் கீழே எங்கே கூட்டிப்போவீர்கள்? பதில் இல்லையென்றால் அது பயிற்சி முகாம் இல்லை, சுற்றுலா.

ஒரு விதிவிலக்கைச் சொல்லியே ஆக வேண்டும். இரும்புச்சத்து. எல்லாக் கணக்கும் சரியாக இருந்தும் சிலருக்கு ஹீமோகுளோபின் ஒரு கிராம்கூட ஏறாது. கேட்டால் "மலை எனக்கு ஒத்துவரவில்லை" என்பார்கள். ஒத்துவராதது மலை இல்லை. ஹீமோகுளோபின் செய்ய இரும்பு வேண்டும், கையிருப்பு காலி. ஈ.பி.ஓ. எவ்வளவு கத்தினாலும் மஜ்ஜையிடம் பொருள் இல்லை. குழப்பம் என்னவென்றால், ஹீமோகுளோபின் எண் நன்றாக இருக்கும்போதே கையிருப்பு காலியாக இருக்கலாம். அதைக் காட்டுவது ஃபெரிட்டின் என்ற தனிப் பரிசோதனை. ஒரு மில்லிலிட்டருக்கு 30 நானோகிராமுக்குக் கீழே இருந்தால் முகாமைத் தள்ளிப்போடுங்கள். 30, 40 என்று எல்லையில் நின்றாலும் மருத்துவரிடம் பேசிவிட்டே போங்கள். சளி, காய்ச்சல் இருக்கும்போதோ, கடும் போட்டி முடிந்த ஓரிரு நாளிலோ இதை எடுக்காதீர்கள். உடலில் அழற்சி இருந்தால் ஃபெரிட்டின் பொய்யாக உயர்ந்து காட்டும், கையிருப்பு நிறைய இருப்பதாக ஏமாந்துபோவீர்கள். குறைவு என்று தெரிந்தால், முகாமுக்கு ஆறு வாரம் முன்பே மருத்துவர் சொல்படி மாத்திரை தொடங்க வேண்டும். மேலே போய்த் தொடங்குவது தாமதம். தேநீரோடு சேர்த்து விழுங்கினால் பாதி உறிஞ்சாது. பரிசோதனை இல்லாமல் "எதற்கும் இருக்கட்டும்" என்று இரும்பு சாப்பிடுவதும் தவறு. சிலர் உடலில் இரும்பு பிறவியிலேயே அளவுக்கு மீறித் தேங்கும், அவர்களுக்கு அது கேடு. முகாமில் யாராவது நரம்பு வழியாக 'சத்து ஊசி' ஏற்றிவிடுகிறேன் என்றால் கையைக் கொடுக்காதீர்கள். மருத்துவமனைச் சிகிச்சை போன்ற விலக்குகள் தவிர, 12 மணி நேரத்தில் 100 மில்லிலிட்டருக்கு மேல் நரம்பு வழி ஏற்றுவதே உலக ஊக்கமருந்துத் தடுப்பு விதிப்படி குற்றம். பாட்டிலில் என்ன இருக்கிறது என்பது அப்புறம்.

இவ்வளவு சாதாரணமான ஒரு பரிசோதனையை எத்தனை முகாம்கள் கேட்கின்றன? படிவத்தில் சட்டை அளவு கேட்பார்கள், ஷூ அளவு கேட்பார்கள், ஃபெரிட்டினுக்கு ஒரு கட்டம் இருக்காது. தேர்வுப் போட்டித் தேதியைக் கடைசி நேரத்தில் அறிவிக்கிற சங்கங்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். தேதி தெரியாமல் வீரர்கள் எந்த நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுவார்கள்?

உங்களுக்குத் தேதி தெரியும், அதனால் எண்ணுவோம். போட்டி நாளிலிருந்து 16 முதல் 20 நாள் பின்னால் வாருங்கள். அதுதான் நீங்கள் இறங்க வேண்டிய நாள். அதற்கும் மூன்று வாரம் பின்னால் மேலே போக வேண்டிய நாள். இப்போது சொல்லப்பட்டிருக்கும் முகாமை ஏறத்தாழ இரண்டரை வாரம் தள்ளி வைக்கச் சொல்லுங்கள். மேலே முதல் நாலைந்து நாள் மெதுவான ஓட்டம் மட்டும். கீழே வந்தபின் முதல் வாரம் பயிற்சியை இறக்கி, இரண்டாம் வாரம் போட்டி வேகத்தில் குட்டிக் குட்டி ஓட்டங்கள். தேதியை மாற்ற மறுத்தால் அந்த முகாமை விட்டுவிடுங்கள். அதே மூன்று வாரத்தைக் கீழேயே நல்ல பயிற்சியில் கழித்தாலும் 35ஆம் நாளில் நீங்கள் நஷ்டப்படப்போவதில்லை. ஃபெரிட்டின் பரிசோதனையை மட்டும் எப்படியும் இந்த வாரமே எடுத்துவிடுங்கள்.